சனி இரவு ஒரே இருப்பா, கிழமைக்கு மூன்று பியரா? பயிற்சி செய்கிறவர் போட வேண்டிய கணக்கு

யாழ்ப்பாணத்து ஜிம்களில் பயிற்சி முடிந்து வியர்வை துடைக்கும் நேரத்தில் அடிக்கடி காதில் விழுகிற கேள்வி, "குடிக்கலாமா?" என்பதல்ல. "சனிக்கிழமை ஒரு நாள் மட்டும்தான் அண்ணை, மற்ற நாளெல்லாம் ஒழுங்கு. அது பரவாயில்லைதானே?" என்பார் ஒருவர். பக்கத்தில் நிற்பவர், "நான் ஒரேயடியாகக் குடிக்கிறதில்லை, ஜிம் முடிய ஒரு பியர், அவ்வளவுதான்" என்பார். இரண்டு பேரும் தங்கள் வழிதான் பாதுகாப்பானது என்று நம்புகிறார்கள். கிழமை முடிவில் இருவருடைய உடம்புக்குள்ளும் போயிருக்கும் மதுவின் அளவு ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கலாம். விளைவு மட்டும் ஒன்றல்ல. எது எங்கே வெட்டுகிறது என்று பிரித்துப் பார்த்தால்தான் முடிவெடுக்க முடியும்.

ஒரு ஆளை வைத்துக்கொண்டு பேசுவோம். வயது முப்பதைத் தாண்டியவர், எடை 70 கிலோ. திங்கள் கால், செவ்வாய் நெஞ்சும் தோளும், வியாழன் முதுகு, சனி பின்னேரம் மறுபடி கால் என்று கிழமைக்கு நான்கு நாள் பயிற்சி. வயிற்றுக் கொழுப்பைக் கொஞ்சம் குறைக்க வேண்டும், ஸ்குவாட்டில் எடை ஏற வேண்டும், இதுதான் அவருடைய குறிக்கோள். அவருக்கு முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. சனி இரவு நண்பர்களோடு கால் போத்தல் சாராயமும் ஒரு பெரிய பியரும். அல்லது செவ்வாய், வியாழன், சனி என்று பயிற்சி முடிந்த இரவுகளில் ஒவ்வொரு பெரிய பியர். அல்லது ஞாயிறு மத்தியானம் ஒரு முறை, ஒன்றரைப் பியரோடு நிறுத்துவது. அல்லது ஒன்றுமே இல்லை.

முதலில் எல்லாவற்றையும் கிராமுக்கு மாற்ற வேண்டும். "ரெண்டு பெக்", "ஒரு பியர்" என்று பேசும்வரை எதையும் ஒப்பிட முடியாது. வழி எளிது. மில்லிலீற்றரை லேபிளில் உள்ள வீதத்தால் பெருக்கி, வருவதை 0.79 ஆல் பெருக்கினால் தூய மதுவின் எடை கிராமில் கிடைக்கும். 625 மில்லி லாகர் போத்தல், 4.8 வீதம் என்றால் 24 கிராம். சாராயத்தின் வீதம் வகைக்கு வகை மாறும், 35 என்று வைத்துக்கொண்டால் 180 மில்லி கால் போத்தலில் 50 கிராம். 8.8 வீத ஸ்ட்ரோங் பியர் 500 மில்லி ரின் ஒன்றில் 35 கிராம். ஒரு ரின்தானே என்று எடுப்பவர் உண்மையில் ஒன்றரைப் பெரிய லாகர் குடித்து முடிக்கிறார்.

ஆகவே சனி இரவுக்காரருக்கு ஒரே இருப்பில் 74 கிராம், அதாவது கிலோவுக்கு ஒரு கிராமுக்குச் சற்று மேல். மூன்று பியர்காரருக்குக் கிழமைக்கு 72 கிராம், ஆனால் ஒரு தடவைக்கு 24 மட்டும், கிலோவுக்கு 0.34. ஞாயிறு மத்தியானக்காரருக்குச் சுமார் 35 கிராம், கிலோவுக்கு ஏறக்குறைய அரை. இந்தக் கிலோக் கணக்கைக் கையில் வைத்திருங்கள். தசையைப் பற்றிய ஆய்வுகள் பேசுவது இந்த அளவில்தான்.

தசையைப் பொறுத்தவரை

எடை தூக்கிய பிறகு தசை தன்னைத் திருத்திக் கட்டும் வேலை ஒரு நாளுக்கு மேல் நடக்கிறது. முதல் சில மணித்தியாலங்கள் முக்கியமானவை. 2014 இல் அவுஸ்திரேலியாவில் ஒரு ஆய்வு செய்தார்கள். பயிற்சி செய்து பழகிய எட்டு ஆண்களுக்குக் கடும் பயிற்சிக்குப் பிறகு கிலோவுக்கு 1.5 கிராம் மது கொடுத்து, தசையில் புதுப் புரதம் உருவாகும் வேகத்தை அளந்தார்கள். புரதமும் சேர்த்துக் கொடுத்தபோதே அந்த வேகம், புரதம் மட்டும் கொடுத்ததோடு ஒப்பிட 24 வீதம் குறைந்தது. புரதத்துக்குப் பதில் மாச்சத்தோடு மது கொடுத்தபோது 37 வீதம் குறைந்தது. நம்முடைய ஆளுக்கு அந்த அளவு 105 கிராம், சாராயத்தில் அரைப் போத்தல். கலியாண வீட்டுக்குப் பின்வளவில் அது ஒரு ஆளுக்குப் பெரிய அளவாகவே பார்க்கப்படாது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும்.

அதைவிடக் குறைந்த அளவுக்கு நியூசிலாந்துக்காரரின் ஆய்வுகள் உதவுகின்றன. தொடையின் முன் தசையைக் கடுமையாக வேலை வாங்கிவிட்டு, கிலோவுக்கு ஒரு கிராம் மது கொடுத்தார்கள். 36 மணித்தியாலம் கழித்துப் பார்த்தால், குடித்தபோது பலம் இழந்தது குடிக்காதபோது இழந்ததைவிடத் தெளிவாகக் கூடுதல். அதே ஆய்வாளர்கள் பிறகு அளவை அரைக் கிராமாகக் குறைத்துச் செய்தபோது அந்த வித்தியாசம் தெரியவில்லை. சிறிய ஆய்வுகள்தான், ஆண்களை மட்டும் வைத்துச் செய்தவை. என்றாலும் தசையில் விழும் அடிக்கு ஒரு வாசல் இருக்கிறது, அது அரைக்கும் ஒன்றுக்கும் இடையில் எங்கேயோ இருக்கிறது என்று எடுப்பதில் தவறில்லை.

இப்போது மூன்று வழிகளையும் அந்த வாசலில் நிறுத்திப் பாருங்கள். சனி இரவுக்காரர் அதைத் தாண்டிவிட்டார். அதிலும் சனி பின்னேரம் கால் பயிற்சி செய்துவிட்டு நேரே இருக்கைக்கு வருகிறார். 36 மணித்தியாலம் கழிய வருவது திங்கள் காலை, அவருடைய அடுத்த கால் பயிற்சி நாள். "திங்கட்கிழமை கால் மட்டும் ஏனோ ஏறுதில்லை" என்று சொல்லும் பலருடைய சிக்கல் திங்களில் இல்லை, சனியில் இருக்கிறது. மூன்று பியர்காரர் ஒவ்வொரு முறையும் வாசலுக்கு உள்ளேயே நிற்கிறார். தசையை மட்டும் பார்த்தால் அவருக்குப் பெரிய இழப்பில்லை. ஞாயிறு மத்தியானக்காரர் வாசலில் கால் வைத்துக்கொண்டு நிற்கிறார், ஆனால் அன்று பயிற்சி இல்லை, சனி பயிற்சிக்குப் பிறகு ஒரு முழு இரவும் காலையும் சுத்தமாகக் கிடைத்திருக்கின்றன.

குடிப்பதற்கு முன்னம் புரதம் சாப்பிட்டால் இழப்புக் குறைகிறது, மறைவதில்லை. 24 க்கும் 37 க்கும் இடையிலான அந்தத் தூரம் சொல்வது அதைத்தான். நான்கு முட்டை, அல்லது உள்ளங்கையளவு விளைமீனோ பாரையோ இரண்டு துண்டு, இதில் 25 கிராம் புரதத்துக்குக் கிட்ட வந்துவிடும். ஜிம்மிலிருந்து வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, அப்புறம் நண்பர்களிடம் போகிறவர் அரைவாசி வேலையைச் செய்துவிட்டார். வெறும் வயிற்றோடு போய் அங்கே கச்சானைக் கொறிக்கத் தொடங்குபவர் இரண்டு பக்கத்தாலும் இழக்கிறார்.

நித்திரையில் கணக்கு மாறுகிறது

தசைக்கு நல்லது என்று தோன்றிய மூன்று பியர் வழி நித்திரைக்கு வந்ததும் சறுக்குகிறது. நித்திரைக்குத் தசையைப் போல வாசல் இல்லை, சிறிய அளவும் பதிகிறது. பின்லாந்தில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட வேலைசெய்பவர்களின் இதயத்துடிப்பை நித்திரையின் முதல் மூன்று மணித்தியாலங்களில் அளந்தார்கள். குடித்த இரவுகளில் உடல் ஓய்வுநிலைக்கு இறங்கும் அளவு, கிலோவுக்குக் கால் கிராமுக்கு உட்பட்டபோது சுமார் 9 வீதப் புள்ளி, கால் முதல் முக்கால் வரை 24 புள்ளி, அதற்கு மேல் 39 புள்ளி குறைந்திருந்தது. 0.34 என்ற நம்முடைய ஒற்றைப் பியர் நடுப் பிரிவில் விழுகிறது.

உள்ளே நடப்பது இதுதான். மது முதலில் மூளையைத் தணித்து வேகமாக நித்திரைக்குள் தள்ளுகிறது. அதனால்தான் "குடிச்சால் நல்லா நித்திரை வருது" என்கிறார்கள், அந்த முதல் பாதிக்கு அது பொய்யும் இல்லை. ஈரல் அதை எரித்து முடிக்க முடிக்க, தணித்து வைத்திருந்த மூளை எதிர்ப்பக்கம் துள்ளுகிறது. இரவின் பின்பாதி துண்டு துண்டாகிறது. கனவு நித்திரை பின்தள்ளப்பட்டுச் சுருங்குகிறது. தொண்டைத் தசைகள் தளர்வதால் குறட்டை கூடுகிறது. விடிய மூன்று மணிக்கு வாய் வறண்டு, நெஞ்சு படபடக்க எழும்புவது இதனால்தான். வைகாசி வெக்கையில், மின்விசிறிக்குக் கீழே, ஏற்கெனவே வியர்த்து நீர் குறைந்த உடம்போடு படுத்திருப்பவருக்கு அது இன்னும் கடுமையாகத் தெரியும்.

உடம்பு மதுவை எரிக்கும் வேகம் கிலோவுக்கு மணிக்கு சுமார் 0.1 கிராம், 70 கிலோவுக்கு 7 கிராம். கோப்பி, குளிப்பு, எலுமிச்சம்பழத் தண்ணி எதுவும் அதைக் கூட்டுவதில்லை. சனி இரவு எட்டு மணிக்குத் தொடங்கும் 74 கிராம் எரிந்து முடிய பத்தரை மணித்தியாலம் வேண்டும், அதாவது ஞாயிறு காலை ஆறரை. அந்த இரவில் மது இல்லாத நித்திரை ஒரு நிமிடம்கூட இல்லை. காலையில் மோட்டார் சைக்கிளை எடுக்கும்போதும் இந்தக் கணக்கு நினைவில் இருக்கட்டும். மூன்று பியர்காரர் ஜிம் முடிந்து எட்டரைக்கு உடைக்கிறார் என்றால், அந்த 24 கிராம் எரிய மூன்றரை மணித்தியாலம், நள்ளிரவு. பத்தரைக்குப் படுப்பவருக்கு நித்திரையின் முதல் ஒன்றரை மணித்தியாலம், ஆழ்ந்த நித்திரை கூடுதலாக வரும் பகுதி, மதுவோடு போகிறது. இது கிழமைக்கு மூன்று இரவுகள், மூன்றும் பயிற்சி செய்த இரவுகள். ஒரு மோசமான இரவுக்குப் பதிலாக மூன்று அரைகுறை இரவுகளை அவர் வாங்கியிருக்கிறார்.

ஞாயிறு ஒரு மணிக்குத் தொடங்கி மூன்று மணிக்கு முடிப்பவரின் 35 கிராம் பின்னேரம் ஆறு மணிக்கெல்லாம் எரிந்துவிடும். பத்து மணிக்குப் படுக்கும்போது துள்ளலும் அடங்கியிருக்கும். அவர் குடித்தது ஒரு பியரைவிடக் கூட, நித்திரை இழப்பு அதைவிடக் குறைய. குடித்த அளவைக் குறைக்க மனம் வராதவர்கூட நேரத்தை முன்னுக்கு இழுத்தால் இவ்வளவு கிடைக்கிறது. மற்ற எந்தத் தந்திரத்தையும்விட இதற்குத்தான் நான் முதலிடம் கொடுப்பேன்.

கலோரி

மதுவின் ஒரு கிராமில் 7 கலோரி, கொழுப்பின் 9 க்கு அடுத்தபடி. பெரிய லாகர் ஒன்றில் மாச்சத்தும் சேர்த்து 260 முதல் 270 வரை. கால் போத்தல் சாராயத்தில் 350. ஆனால் சனி இரவின் எண்ணிக்கையை ஏற்றுவது போத்தல் அல்ல. மேசையைப் பாருங்கள். நடுவில் ஒன்றரை லீற்றர் கோலாப் போத்தல், கண்ணாடிக் குவளையில் சாராயத்துக்கு மேலே விளிம்புவரை ஊற்றியது. பக்கத்தில் எண்ணெய் மினுங்கும் டெவில் கோழி, கச்சான், மிக்சர். பதினொரு மணிக்கு யாரோ ஒருவர், "மச்சான், கொத்து எடுப்பமா?" என்பார். மறுப்பவர் இல்லை.

அதைக் கூட்டினால், சாராயம் 350, இரண்டு குவளைக் கோலா 170, பியர் 265, கோழியும் கச்சானும் பங்குக்கு 450 அளவில், ஒரு கோழிக் கொத்துப் பார்சல் கடைக்குக் கடை மாறினாலும் 900 க்குக் குறைய எதிர்பார்க்க வேண்டாம். 2,100 ஐத் தாண்டிவிட்டது, போத்தலின் பங்கு அதில் மூன்றில் ஒன்றுகூட இல்லை. கிழமைக்கு அரைக் கிலோ கொழுப்புக் குறைக்க விரும்புபவர் நாளுக்கு 500 வீதம் கிழமைக்கு 3,500 கலோரி குறைத்துச் சாப்பிடுகிறார். மதிய சோற்றை அளந்து போட்டு, சீனியில்லாத் தேத்தண்ணி குடித்துச் சேர்த்ததில் பாதிக்கு மேல் ஓர் இரவில் போகிறது. போதாததற்கு, உடம்பால் மதுவைச் சேமித்து வைக்க முடியாது, அதை முதலில் எரித்தே ஆக வேண்டும். அது எரியும் நேரம் முழுக்கக் கொழுப்பு எரிவது வெகுவாகக் குறைந்து, கூடச் சாப்பிட்ட எண்ணெய் நேரே சேமிப்புக்குப் போகிறது.

மூன்று பியருக்கு 800, ஒவ்வொரு முறையும் ஒரு பிடி மிக்சர் சேர்ந்தால் இன்னொரு 600. மொத்தம் 1,400. இது ஒரே இரவில் கண்ணை உறுத்துவதில்லை என்பதுதான் இதன் கெட்ட குணம். ஞாயிறு மத்தியானத்தில் ஒன்றரைப் பியர் 400, மத்தியானச் சாப்பாடு எப்படியும் சாப்பிடுவதுதான், கூடக் கொஞ்சம் கணவாய் பொரியல் என்று வைத்தால் 550. பகலில் சோறும் மீன்குழம்பும் தின்ற வயிற்றுக்கு இரவுக் கொத்து தேவைப்படாது.

சாராயத்துக்குக் கோலாவுக்குப் பதில் சோடா ஊற்றினால் 170 மிச்சம். கொத்தைத் தவிர்த்தால் 900. எதைப் பிடித்துச் சண்டை போட வேண்டும் என்பது இதிலேயே தெரிகிறது. "லைற் பியர்" தேடி அலைவது வீண்.

கள்ளு பற்றிக் கேட்பார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். பனங்கள்ளு இயற்கையானது, சத்து, சூடு தணிக்கும் என்ற பேச்சு தவறணை வாசலில் எப்போதும் இருக்கும். பயிற்சிக் கணக்கில் அதுவும் மதுதான். இறக்கிய கணத்திலிருந்து புளித்துக்கொண்டே இருப்பதால் காலையில் எடுத்ததும் பின்னேரம் எடுத்ததும் ஒரே வீதம் இல்லை, புளிக்காத வெல்லமும் கூட இருக்கும். 5 வீதம் என்று எடுத்து, 750 மில்லிப் போத்தலுக்கு 30 கிராம் என்று கணக்கில் போட்டுவிடுங்கள். ஒரு போத்தலோடு நிறுத்தினால் ஞாயிறு மத்தியான வழிக்குள் அது அடங்கும்.

என் முடிவு

நம்முடைய 70 கிலோ ஆளுக்கு, குடிக்காமல் இருப்பதுதான் மூன்று கணக்கிலும் முன்னால் நிற்கிறது. பூச்சியத்தைவிட நல்ல அளவு எதுவும் இல்லை, அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நண்பர்களை விடமாட்டேன் என்பவருக்கு நான் சொல்வது மூன்றாவது வழி. கிழமைக்கு ஒரு முறை, பயிற்சி இல்லாத நாளில், கிலோவுக்கு அரைக் கிராமுக்குள், பகலில். சனி இரவை விடவே முடியாதவர்கள் இரண்டு மாற்றம் செய்யலாம். சனிக் கால் பயிற்சியை வெள்ளிக்கு நகர்த்தி, திங்கள் கால் பயிற்சியைச் செவ்வாய்க்குத் தள்ளுங்கள். கால் போத்தலும் பியரும் என்பதில் ஒன்றை விடுங்கள். பியரோடு மட்டும் நின்றால் அளவு மூன்றில் ஒன்றாகிவிடும்.

மூன்று பியர் வழியை நான் சனி இரவுக்கு மேலே, ஆனால் ஞாயிறு மத்தியானத்துக்கு வெகுவாகக் கீழே வைக்கிறேன். பலத்தைவிட எடைக் குறைப்புத்தான் முக்கியம் என்பவருக்கு இது ஏற்றதே அல்ல. பழக்கம் இறுகிவிடும் ஆபத்தும் இதில்தான் கூட. பயிற்சி முடிந்தால் பியர் என்று உடம்பு கேட்கத் தொடங்கிவிடும்.

பெண்களுக்கு அதே கிராம் கூடுதலாக ஏறும், ஏனென்றால் அதே எடையில் உடம்பு நீர் குறைவு. ஆகவே அரைக் கிராம் எல்லையை அவர்கள் இன்னும் கீழே இழுக்க வேண்டும். நீரிழிவுக்கோ அழுத்தத்துக்கோ நித்திரைக்கோ குளிசை எடுப்பவர்கள் இந்த ஒப்பீட்டுக்குள் வர வேண்டாம், வைத்தியரிடம் கேளுங்கள். தசைநோவுக்கு என்று குடித்த இரவில் பரசிற்றமோல் போடும் வழக்கத்தையும் விடுங்கள், இரண்டும் ஒரே ஈரலில்தான் விழுகின்றன.

என் சொல்லை நம்ப வேண்டியதில்லை, உங்கள் உடம்பிலேயே பார்க்கலாம். அதற்கு யாழ்ப்பாணத்தில் ஆண்டுக்கொரு முறை ஒரு வாய்ப்பு வருகிறது. நல்லூர்க் கொடியேறினால் 25 நாளும் மச்சம், மது இரண்டையும் விடுபவர்கள் இங்கே ஏராளம். கொடியேற்றத்துக்கு முந்திய இரண்டு கிழமையும் திருவிழாக் கிழமைகளும் ஒரே பயிற்சியை ஒரே எடையில் செய்யுங்கள். காலையில் கட்டிலை விட்டு எழும்ப முன்னம் மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் நாடியை எண்ணி எழுதுங்கள். திங்கட்கிழமை ஸ்குவாட்டில் கடைசிச் செட்டில் எத்தனை முறை எழும்பினீர்கள் என்றும் எழுதுங்கள். குடித்த இரவுக்கு அடுத்த காலை நாடி வழமையைவிட ஐந்து, பத்து கூடியிருந்தால் அந்த இரவில் உடம்பு ஓய்வெடுக்கவில்லை என்று அர்த்தம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். மச்சத்தை விடும்போது முட்டையும் மீனும் போய்விடுகின்றன. பருப்பு, கடலை, தயிர், பால் என்று புரதத்தை ஈடுசெய்யாவிட்டால், மது விட்டதால் வந்த நன்மையைப் புரதக் குறைவு விழுங்கிவிடும், எது எதைச் செய்தது என்று பிரித்தறிய முடியாமலும் போகும்.